முதல் வரைவில் "குறையுங்க", அடுத்ததில் "ஏன் குறைச்சீங்க?" – இந்த நெறியாளரை என்ன செய்வது?

நடுஅத்தியாயம் (கேள்வி):
இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கக் குறைவும், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளும் என் ஆய்வுத் தலைப்பு. சிக்கல் இரண்டாம் அத்தியாயத்தில், அதாவது முன்னாய்வுகளில். முதல் வரைவு 42 பக்கம். "ரொம்ப நீளம், பட்டியல் மாதிரி இருக்கு, குறையுங்க. கோட்பாட்டை முன்னால கொண்டு வாங்க" என்றார் நெறியாளர். 26 பக்கமாக்கிக் கொடுத்தேன். "ஆழமே இல்லை, முக்கியமான ஆய்வுகளை ஏன் எடுத்தீங்க?" என்றார். எடுத்ததில் பாதியைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது மூன்றாவது வரைவில், "கோட்பாடு ஏன் இவ்வளவு முன்னால நிக்குது?" என்று எழுதியிருக்கிறார். நான்காவதை எதை நம்பி எழுதுவது?

அரைடாக்டர்:
இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியாக என்ன சொன்னாரோ அதுதான் சட்டம். கையெழுத்துப் போடப்போவது அவர்தானே. பழைய கமெண்ட்டை எடுத்துக்கொண்டு போய் நியாயம் கேட்டால் உறவு கெடும், அத்தியாயமும் நகராது. கோட்பாட்டைப் பின்னால் தள்ளுங்கள், அனுப்புங்கள், அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

நேர்க்கோடு:
அரைடாக்டர் சொல்வது போலச் செய்தால் நான்காவது வரைவு திரும்பவும் முதல் வரைவாகிவிடும். கோட்பாடு பின்னால், ஆய்வுகள் நிறைய. அதைத்தானே அவர் முதலில் வேண்டாம் என்றார்? இப்படிப்பட்டவர்களிடம் ஒரே வழி, எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பது. மூன்று வரைவுக்கான கமெண்ட்டுகளையும் தேதியோடு ஒரு அட்டவணையில் போட்டு, "இவற்றில் எதைப் பின்பற்றட்டும்?" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். நாளைக்கு ஆண்டு மதிப்பீட்டுக் குழு "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டால் உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பழையசிவப்புமை:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், மாணவர்களின் வரைவுகளைப் படிப்பது என் வேலை. முதலில் ஒன்று சொல்கிறேன், பலருக்குப் பிடிக்காது. இரண்டாவது வரைவைப் படிக்கும்போது முதல் வரைவில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு நினைவில் இருக்காது. நடுவில் மற்ற மாணவர்களின் அத்தியாயங்கள், வகுப்பு, தேர்வுத்தாள் எல்லாம் வந்து போயிருக்கும். முன்னால் இருக்கும் பக்கத்தைத்தான் படிக்கிறேன். அதனால் இவர் மனம் மாறினார் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒவ்வொரு கமெண்ட்டும் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்திக்குப் பக்கத்தில் இருந்தது என்று பாருங்கள்.

நடுஅத்தியாயம், ஒரு சோதனை செய்யுங்கள். முதல் வரைவை எடுத்து ஒவ்வொரு பத்தியிலும் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். அந்த வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது யார்? ஆய்வாளரின் பெயரா, அல்லது உங்கள் பொருளா?

நடுஅத்தியாயம்:
பார்த்தேன். பெரும்பாலும் பெயர்தான். "இன்னார் இந்த ஆண்டில் இத்தனை செவிலியரிடம் ஆய்வு செய்து இதைக் கண்டார்", அடுத்த பத்தி "இன்னொருவர்..." என்று போகிறது. இரண்டாவது வரைவிலும் அப்படியேதான் இருக்கிறது, பத்திகள்தான் குறைவு.

பழையசிவப்புமை:
அப்படியானால் முதல் இரண்டு கமெண்ட்டுகளும் முரண் இல்லை. "பட்டியல் மாதிரி இருக்கு" என்பதுதான் அங்கே புகார், "நீளம்" என்பது அதன் அறிகுறி. நீங்கள் அறிகுறியை வெட்டினீர்கள். பட்டியல் பட்டியலாகவே நின்றது, ஆனால் இப்போது ஓட்டை விழுந்த பட்டியல். அதைப் படித்தவருக்கு "ஆழம் இல்லை" என்றுதான் தோன்றும்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மருந்துப் பிழையைச் செவிலியரே தெரிவித்த அறிக்கைகளை வைத்து எண்ணினால் எண்ணிக்கை குறைவாக வரும். ஆய்வாளர் பக்கத்தில் நின்று நேரில் கவனித்து எண்ணினால் அதைவிட அதிகமாக வரும். உங்கள் 42 பக்கத்தில் இரண்டு வகை ஆய்வும் நிச்சயம் இருக்கும், ஆனால் தனித்தனிப் பத்திகளில், ஒன்றையொன்று பார்க்காமல். "தூக்கக் குறைவுக்கும் பிழைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்பது பிழையை எப்படி எண்ணினார்கள் என்பதையும் பொறுத்திருக்கலாம்" என்று ஒரு வாக்கியத்தில் பத்தியைத் தொடங்குங்கள். அதன் கீழே அந்த ஆய்வுகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வையுங்கள். பக்கமும் குறையும், எந்த ஆய்வையும் எடுக்க வேண்டியதும் இல்லை. இரண்டு கமெண்ட்டுக்கும் அது ஒரே பதில்.

நேர்க்கோடு:
சார், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் இங்கே மூன்று வரியில் சொன்னதை அந்த நெறியாளர் ஏன் சொல்லவில்லை? "குறையுங்க" என்று எழுதினால் மாணவர் குறைக்கத்தான் செய்வார். நெறியாளர் அரைகுறையாக எழுதுவார், அதற்கு உரை எழுதும் வேலையும் மாணவருக்கா? இதையே கொஞ்சம் நீட்டினால் எந்த முரணையும் "உள்ளே ஒரே பொருள்தான்" என்று நியாயப்படுத்திவிடலாம்.

பழையசிவப்புமை:
அவர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் சொல்வது, நான்காவது வரைவை எழுதப்போகிறவருக்கு அந்தக் கோபத்தைவிட இந்தச் சோதனை உதவும் என்பதுதான்.

இரட்டைத்துடுப்பு:
எனக்கும் இதே கதைதான்! முதன்மை நெறியாளர் நேர்காணல் வேண்டும் என்கிறார், இணை நெறியாளர் எண்கள் போதும் என்கிறார். கடைசியில் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள், நான் குறிப்பெடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நேர்க்கோடு:
இரட்டைத்துடுப்பு, அவருக்கு ஒருவர்தான். அந்த ஒருவரை யாரோடு உட்கார வைப்பது?

இரட்டைத்துடுப்பு:
அட, சரியாகப் படிக்கவில்லை. ஆனாலும் குறிப்பெடுக்கும் விஷயம் இங்கேயும் பொருந்தும். பேசி முடித்த அன்றே "இன்று இப்படி முடிவு செய்தோம்" என்று அனுப்பிவிடுங்கள்.

நடுஅத்தியாயம்:
பட்டியல் விஷயம் புரிகிறது. கோட்பாட்டுக்கு என்ன சொல்வீர்கள்? "முன்னால கொண்டு வாங்க", "ஏன் முன்னால நிக்குது" என்ற இரண்டும் நேர் எதிர். நான் வைத்திருப்பது ஜேம்ஸ் ரீசனின் சுவிஸ் சீஸ் மாதிரி.

பழையசிவப்புமை:
முதல் வரைவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவரிடம் வேறு ஏதாவது கொடுத்தீர்களா?

நடுஅத்தியாயம்:
நான்காம் அத்தியாயத்தின் முடிவு அட்டவணைகளைக் கொடுத்தேன். மணிக்கட்டில் கட்டும் கருவியில் பதிவான தூக்க நேரம், செவிலியர் தாமே தெரிவித்த பிழைகள், இரண்டுக்கும் உள்ள தொடர்பு.

பழையசிவப்புமை:
அதுதான் காரணமாக இருக்கும். ரீசனின் மாதிரி ஓர் அமைப்பில் இருக்கும் பல பாதுகாப்பு அடுக்குகளைப் பற்றியது. ஒவ்வோர் அடுக்கிலும் ஓட்டை உண்டு, ஓட்டைகள் நேர்க்கோட்டில் அமையும்போது விபத்து உள்ளே வருகிறது. உங்கள் தரவில் எந்த அடுக்கு இருக்கிறது? வார்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், மருந்தை இன்னொருவர் சரிபார்த்தாரா, மருந்துச் சீட்டு தெளிவாக இருந்ததா, எதையும் நீங்கள் அளக்கவில்லை. தனி ஆளின் தூக்கத்தை அளந்திருக்கிறீர்கள். அந்த மாதிரியை அத்தியாயத்தின் தலையில் வைத்தால் அடுக்குகளை ஆராயப்போவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முதல் வரைவில் உங்கள் தரவு அவர் கண்ணில் படவில்லை, அதனால் கோட்பாட்டை முன்னால் கேட்டார். தரவைப் பார்த்தபின் அது பொருந்தவில்லை என்று பட்டிருக்கலாம். அவர் மனதுக்குள் புகுந்து நான் பார்க்கவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் கேட்டுவிடலாம்.

நேர்க்கோடு:
கேட்பதைத்தான் நானும் சொன்னேன். அட்டவணை போட்டுக் கேளுங்கள்.

பழையசிவப்புமை:
தேதியோடு அட்டவணை வந்தால் நான் முதலில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பேன், அத்தியாயம் அப்புறம்தான். அட்டவணை உங்கள் கணினியில் இருக்கட்டும், தாராளமாகப் போட்டு வையுங்கள். அவருக்குப் போவது இரண்டு ஒற்றைப் பக்கச் சட்டகங்களாக இருக்கட்டும். முதல் சட்டகத்தில், தூக்கத்தின் அழுத்தமும் உடல் கடிகாரமும் சேர்ந்து விழிப்பைத் தீர்மானிக்கின்றன என்கிற இரு செயல்முறை மாதிரி முன்னால் வரட்டும். போர்பேலி 1982-இல் முன்வைத்தது, உங்கள் தரவோடு நேராகப் பேசும். ரீசன் முடிவுரை விவாதத்துக்குப் போகட்டும். இரண்டாவது சட்டகத்தில் ரீசனே முன்னால் நிற்கட்டும், ஆனால் அடுக்குகளை அளக்கவில்லை என்பதை வரம்பாக அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். கூடவே இப்படி ஒரு சிறு கடிதம்:

"சார், நான்காம் அத்தியாய அட்டவணைகளுக்குப் பிறகு கோட்பாட்டின் இடத்தைப் பற்றி மறுபடி யோசித்தேன். இரண்டு சட்டகம் இணைத்திருக்கிறேன். எனக்கு முதலாவது சரி என்று படுகிறது, ஏனென்றால் நான் அளந்தது தூக்கத்தை மட்டும்தான். ரீசன் முன்னால் இருக்க வேண்டும் என்று முன்பு நீங்கள் நினைத்ததற்கு நான் கவனிக்காத காரணம் ஏதாவது உண்டா?"

முந்தைய கருத்து அதிலேயே வந்துவிட்டது, குற்றச்சாட்டாக வரவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் அன்றைய மனநிலைக்குத் தகுந்த பதில்தான் வரும். இப்படிக் கேட்டால் அவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், காரணமும் சொல்லியாக வேண்டும்.

அரைடாக்டர்:
அவர் பதிலே போடாவிட்டால்?

பழையசிவப்புமை:
அப்போது முதலாவதை வைத்தே எழுதுங்கள். வரைவின் முதல் பக்கத்தில் "சென்ற முறை சொன்னவை, நான் மாற்றியவை, மாற்றாமல் விட்டவை, காரணம்" என்று அரைப் பக்கம் வையுங்கள். பழைய வரைவோடு ஒப்பிட்ட கோப்பையும் சேருங்கள். வேர்டில் Compare இருக்கிறது. லேடெக் என்றால்:

```
latexdiff chap2_v3.tex chap2_v4.tex > chap2_diff.tex
```

மூன்றாவதில் இருந்தது எது, நான்காவதில் வந்தது எது என்று கண்ணில் பட்டால், தாம் கேட்டதையே திருப்பி நீக்கச் சொல்வது குறையும். நின்றே போகும் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அரைடாக்டர், கையெழுத்து அவருடையது என்றீர்கள். வைவாவில் "என் நெறியாளர் வைக்கச் சொன்னார்" என்பது பதிலாகாது. அங்கே உட்காரப்போவது இவர்.

நேர்க்கோடு:
சட்டகம் அனுப்பும் யோசனையை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் பேசுவது காரணம் கேட்டால் சொல்லும் நெறியாளரைப் பற்றி. எங்கள் துறையில் ஒருவர் இருந்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத்திலும் கொடுப்பார், அடுத்த மாதம் "நான் எப்போது அப்படிச் சொன்னேன்?" என்பார். அவரிடம் படித்த தோழி கடைசியில் ஆய்வுக் குழுவிடம் போய் நெறியாளரை மாற்றிக்கொண்டாள். குழு கேட்டது அந்த அட்டவணையைத்தான். நயமான கடிதங்கள் மட்டும் இருந்திருந்தால் என்ன காட்டியிருப்பாள்?

பழையசிவப்புமை:
அதனால்தான் அட்டவணையைப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. முடிவை எழுத்தில் கொடுத்தபிறகும் அதே இடத்தில் இன்னொரு முறை மாறினால், நான் குழுவில் இருக்கும் ஒருவரிடம் பேசச் சொல்வேன்.

நேர்க்கோடு:
இன்னொரு முறை என்றால் இன்னும் ஒரு வரைவு. உதவித்தொகை முடியப்போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நான் இப்போதே பேசச் சொல்வேன்.

நடுஅத்தியாயம்:
எனக்கு இன்னும் ஓராண்டு உதவித்தொகை இருக்கிறது, அதனால் முதலில் சட்டகங்களை அனுப்புகிறேன். பிழையை எண்ணிய முறைப்படி ஆய்வுகளைப் பிரிக்கத் தொடங்கியாயிற்று. அதில் ஒரு புதுத் தலைவலி: என் ஆய்வே செவிலியர் தாமே தெரிவித்த பிழைகளைத்தான் எண்ணுகிறது. அப்படியானால் இந்த அத்தியாயம் என் மூன்றாம் அத்தியாயத்தையே குறை சொல்லுமே?

பழையசிவப்புமை:
சொல்லட்டும். அந்தக் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதிய பத்தியை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.