தேர் அழைப்பு மடல் சோதனை: யாருக்கு என்ன தெரிந்தது?

செல்வி, நியூஜெர்சி

எல்லோருக்கும் வணக்கம். வைகாசி விசாகத் தேர் அழைப்பு மடலை முழுப் பட்டியலுக்கும் அனுப்புமுன் நம்மில் சிலருக்கு மட்டும் நேற்று விட்டேன். ஊர் அச்சகம் கொடுத்த நோட்டீஸ் படத்தை மடலில் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஜிமெயிலில் கண்ணைப் பறிக்கிறது. ஆபீஸ் அவுட்லுக்கில் திறந்தால் வெள்ளைக் கட்டமும் ஓரத்தில் சிவப்புப் பெருக்கல் குறியும்தான். தேதியில்லை, நேரமில்லை, கோயில் பெயர்கூட இல்லை. உங்களுக்கு என்ன தெரிந்தது, எந்தச் செயலியில், என்று எழுதுங்கள். இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கீழே இருக்கும் "பட்டியலிலிருந்து விலக" என்பதையும் சேர்த்துத்தான்.

வீரப்பன், மெல்பர்ன்

ஏம்மா செல்வி, என் ஐபேடில் எல்லாம் ஜம்மென்று வந்திருக்கிறது. படம் வராதவர்கள் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளட்டுமே, இதற்கு ஒரு சோதனையா? அது கிடக்கட்டும், போன வருஷம் அன்னதானத்துக்குக் கொடுத்ததற்கு இன்னும் ரசீது வரவில்லை. யாரைக் கேட்க வேண்டும்?

கதிரேசன், சிங்கப்பூர்

அக்கா, படத்தை வெளியே ஒரு சர்வரில் வைப்பதால்தான் அவுட்லுக் தடுக்கிறது. படத்தையே base64 என்ற எழுத்துக் கோவையாக மாற்றி மடலுக்குள்ளேயே வைத்துவிட்டால் தடுக்க வழியே இல்லை. இன்னொன்று, போன பொங்கல் மடலை அநேகமாக எல்லோரும் திறந்ததாகத்தான் கணக்குக் காட்டியது. அப்படியென்றால் படம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

செல்வி, நியூஜெர்சி

மாமா, ரசீது பொருளாளர் அண்ணன் பொறுப்பு, அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். செட்டிங்கை மாற்றச் சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொல்கிற வரியும் அந்தப் படத்துக்குள் இருந்தால் யார் படிப்பது?

கதிரேசா, வெளியே இருப்பதைத்தான் தடுக்கிறது என்பது சரி. ஆனால் base64 படத்தை ஜிமெயில் காட்டாது. அவுட்லுக்கைச் சரிக்கட்டப் போய், நம்மில் பெரும்பாலோர் பார்க்கும் இடத்தில் கெடுத்துக்கொள்வோம். திறந்த கணக்கையும் நம்பாதே. 2021-லிருந்து ஆப்பிள் மெயிலில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பு இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு, மடலைத் தொடாவிட்டாலும் படங்கள் பின்னணியில் இறங்கிவிடும். மாமா படித்தாலும் படிக்காவிட்டாலும் "திறந்தார்" என்றுதான் பதிவாகும்.

அதனால் நோட்டீஸ் படத்தை எடுத்துவிட்டேன். தேதி, நேரம், மண்டகப்படி விவரம் எல்லாம் எழுத்தாகவே இருக்கும். தேர்ப் படம் ஒன்று மட்டும் மேலே:

```
<img src="https://example.org/ther.jpg" width="560"
 alt="தேரோட்டம், மாலை 4 மணி">
```

`alt`-இல் இருப்பதுதான் படம் வராதபோது தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. பழைய அவுட்லுக், "Right-click or tap and hold here to download pictures" என்று தொடங்கும் நீளமான எச்சரிக்கையை முன்னால் போட்டுவிட்டுத்தான் நம் வரிக்கு வரும். கட்டம் சின்னதாக இருந்தால் நம்முடையது வெட்டுப்படும். `width`-ஐயும் அங்கேயே எழுதியாக வேண்டும். விண்டோஸில் இருக்கும் அந்தப் பழைய அவுட்லுக் வேர்டின் இயந்திரத்தால் மடலை வரைகிறது, ஸ்டைலில் எழுதும் `max-width` அதற்குப் புரியாது. படம் இறங்கியதும் தேர் திரையை விட்டு ஓடிவிடும்.

ஜிமெயிலிலேயே சோதிக்க: Settings போய் General-இல் Images என்ற இடத்தில் "Ask before displaying external images" என்பதைத் தேர்ந்தெடுங்கள். படமில்லாமல் மடலைப் படித்து, எந்த நாள், எத்தனை மணி, யாரை அழைப்பது என்று தெரிந்தால் போதும்.

மீனா, துபாய்

அக்கா, எனக்கு இரண்டு குறை. நிகழ்ச்சி நிரல் இணைப்பை அழுத்தினால் "You need access" என்று வருகிறது. அடுத்தது, விலகுவதற்கான இணைப்பே எனக்குக் காணோம். மடல் பாதியில் நின்று "View entire message" என்று முடிகிறது.

செல்வி, நியூஜெர்சி

முதலாவது, கூகுள் டிரைவில் கோப்பை வைத்தவருக்கு மட்டும் அனுமதி இருப்பதால் வருவது. வைத்தவர் அழுத்தினால் எப்போதும் திறக்கும், அதனால் அவர் சோதனை செல்லாது. இன்காக்னிட்டோ சன்னலில் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அந்தக் கோப்பின் பெயரில் இடைவெளியும் இருந்தது. இணையதளத்துக்கு அந்தப் பெயரோடு மாற்றினால், மடலின் வெற்று எழுத்து வடிவத்தில் முகவரி இடைவெளியோடு அறுந்துவிடும். `nigalchi-niral.pdf` என்று பெயர் மாற்றி இணையதளத்தில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். மடல் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். படங்கள் இதில் சேராது, எச்டிஎம்எல் மட்டும்தான் கணக்கு. கொடையாளர் பட்டியல் நீளம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நாம் மடல் தயாரிக்கும் கருவி தமிழை இப்படி மாற்றி வைத்திருந்தது:

```
&#2980;&#3015;&#2992;&#3021;
```

இது "தேர்" என்ற ஒரு சொல். நேரடியாக யூடிஎஃப்-8 என்று வைத்தால் 12 பைட், இப்படி வைத்தால் 28. ஆங்கில மடல்காரர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாது. மாற்றத்தை நிறுத்திவிட்டேன், மடல் கணிசமாக இளைத்தது. ஆனாலும் பட்டியல் இருந்தால் எல்லையை ஒட்டியே நிற்கிறது. பெயர்களை இணையப் பக்கத்தில் போட்டு, இங்கே ஒரு இணைப்பு கொடுக்கலாமா?

வீரப்பன், மெல்பர்ன்

அதெல்லாம் கூடாதம்மா. பணம் கொடுத்தவன் தன் பேரை மடலில் பார்க்க வேண்டும். எவன் இணைப்பை அழுத்திப் போய்த் தேடுவான்?

ராஜா, ஹூஸ்டன்

அக்கா, நான் குழுவைவிட்டு விலகினதாக உங்களிடமிருந்து ஒரு மடல் வந்தது. நான் எதையும் அழுத்தவே இல்லை. வீட்டில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டால், அவர்களும் இல்லை என்கிறார்கள்.

கதிரேசன், சிங்கப்பூர்

தம்பி, 2024-இல் கூகுள் எல்லோருக்கும் ஒரே அழுத்தில் விலகும் வசதியைக் கட்டாயமாக்கியது. அதில் கை பட்டிருக்கும்.

செல்வி, நியூஜெர்சி

அந்தக் கட்டாயம் ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு. நாம் அந்தப் பக்கமே இல்லை. ராஜா அலுவலக முகவரியில் இருக்கிறான். பதிவைப் பார்த்தேன்: மடல் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் அதில் இருந்த எல்லா இணைப்புகளையும் வரிசையாக யாரோ திறந்திருக்கிறார்கள். மனிதன் செய்யும் வேலையில்லை. கம்பெனியின் வைரஸ் சோதனை ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்த்திருக்கிறது. நம் பக்கம் திறந்த உடனே ஆளை நீக்கிவிட்டது.

இனி மடலில் உள்ள இணைப்பு ஒரு பக்கத்தை மட்டும் திறக்கும். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால்தான் விலகல். செயலியே மேலே காட்டும் விலகல் பொத்தானுக்கு, படிப்பவர் கண்ணில் படாத மடல் ஹெடரில் தனியாக இரண்டு வரி:

```
List-Unsubscribe: <https://example.org/u?id=abc>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

அந்தப் பொத்தானை அழுத்தினால் ஜிமெயில் POST, அதாவது "இதைச் செய்" என்கிற கோரிக்கை அனுப்பும், அங்கே மறுபடி "நிச்சயமா?" என்று கேட்கக் கூடாது. வைரஸ் சோதனை அனுப்புவது, பக்கத்தைத் திறந்து பார்க்க மட்டும் கேட்கும் வெறும் GET என்பதால் அதனால் யாரும் நீக்கப்பட மாட்டார்கள். ஆனால் இந்தப் பொத்தானை ஜிமெயில் நம் மடலுக்குக் காட்டுமா என்பது அதன் இஷ்டம்.

மாமா, நீங்கள் மருமகன்களுக்கெல்லாம் மடலை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறீர்கள். அவர்களில் ஒருவர் கீழே அழுத்தினால் விலகுவது நீங்கள்தான், இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் முகவரியின் முதல் சில எழுத்துகளையும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மீனா, துபாய்

ராஜா மாதிரி தானாக நீங்கியவர்கள் இன்னும் எத்தனை பேரோ. அவர்களை நாமே திரும்பச் சேர்த்துவிடலாமா?

கதிரேசன், சிங்கப்பூர்

நிஜமாகவே விலகினவரைக் கேட்காமல் சேர்த்தால் ஸ்பாம் என்று அழுத்திவிடுவார், எல்லோருக்கும் போகும் மடல் கெட்டுப்போகும். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒருவராகக் கேளுங்கள்.

செல்வி, நியூஜெர்சி

சில நொடிகளில் எல்லா இணைப்பும் திறந்த பதிவுகளை மட்டும் பிரித்து வைத்திருக்கிறேன். அலுவலக முகவரிகள்தான் அதில் அதிகம். யார் யாருக்கு எண் தெரியும் என்று சொன்னால் பெயர்களைத் தனியாக அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டாவது சோதனை மடல் வரும், அவுட்லுக் வைத்திருப்பவர்கள் படத்தை இறக்காமலே ஒரு முறை படியுங்கள்.