புதுப்பிப்பு: மார்பு சிவந்து காய்ச்சல் வந்தது, இப்போது எப்படி இருக்கிறது

முன்பு கேட்டது: "குழந்தைக்கு ஐந்து வாரம். இடது மார்பில் பூசணிக்கீற்று போல ஓரிடம் சிவந்து கொதிக்கிறது, காய்ச்சல் 39. சீழ் கட்டிவிட்டதா?"

அன்று கட்டவில்லை. சாட்ஸ்வொர்த் கிளினிக்கில் கிருமிக்கு ஃபுளூகுளோக்சசிலின் மாத்திரையும் வலிக்கு இபுப்ரோஃபெனும் கொடுத்தார்கள். ஆயா சுடுநீர் ஒத்தடம் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொன்னார். பால் தேங்கியது என்று அவர் சொன்னது சரிதான், ஆனால் தேய்த்த இரவே வீக்கம் கூடியது. தாதியாக இருக்கும் தோழி கேட்டதும் திட்டினாள்: "உள்ளே ஏற்கெனவே அழற்சி. துணியில் ஐஸ் சுற்றி வை, பிள்ளைக்கு வேண்டிய அளவு மட்டும் கொடு. கூடுதலாகப் பீய்ச்சினால் பால் இன்னும் ஊறும்." இரண்டு நாளில் குறையாவிட்டால் ஸ்கேன் என்றும் சொன்னாள்.

காய்ச்சல் இறங்கியது. கட்டி மட்டும் போகவில்லை. நான்காம் நாள் அது எலுமிச்சை அளவில் நின்றது, அமுக்கினால் நடுவில் தளதளவென்றிருந்தது. ஸ்கேனில் சீழ் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்தபடியே இன்னொரு ஊசியால் உறிஞ்சினார்கள், கத்தி படவில்லை. சீழைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பால் மறக்கடிக்க என்ன மருந்து என்று கேட்ட அக்காவுக்கு: நான் அதைக் கேட்கவே இல்லை! இரு பக்கமும் குடிக்கிறான். திடீரென நிறுத்தினால் பால் கட்டி மோசமாகுமாம்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன். சீழ் திரும்பச் சேர்ந்திருந்தால் இன்னொரு முறை உறிஞ்ச வேண்டுமாம்.