சர்வீஸ் பில்லில் உதிரிபாகம், கூலி, வரி மூன்றையும் கூட்டினால் கட்டிய தொகை வரவில்லை

சாலைப்பயணி: வணக்கம். காருக்கு ஆகும் பராமரிப்புச் செலவை உதிரிபாகம், கூலி, வரி என்று மூன்றாகப் பிரித்து விரிதாளில் எழுதி வருகிறேன். ஒரு பில்லில் உதிரிபாகம் 4,330, கூலி 1,400, வரி 1,056.80 என்று இருக்கிறது. கூட்டினால் 6,786.80 வருகிறது, நான் கட்டியதோ 5,817 ரூபாய்தான். எங்கே தவறு? இன்றிரவுக்குள் பதிவை முடிக்க வேண்டும்.

நாலாம்கியர்: மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கையில் இருப்பது வரி பில்லா, வண்டியை விடும்போது தந்த எஸ்டிமேட்டா? தேதி என்ன? என்னென்ன மாற்றினார்கள்? எதையும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழியா உருட்டிப் பார்ப்பது?

மணவாளன்: உதிரிபாகத் தொகை வரியோடு சேர்த்து அச்சாகியிருக்கும், பல கடைகளில் அப்படித்தான். 4,330ஐ 1.18ஆல் வகுத்து, வரும் தொகையை எழுதுங்கள், சரியாகிவிடும்.

சாலைப்பயணி: வகுத்தால் 3,669.49 வருகிறது. அதை வைத்துக் கூட்டினாலும் 309.29 ரூபாய் கூடுதலாகத்தான் நிற்கிறது.

வைகைக்கரை: எங்கள் தெரு மெக்கானிக் துண்டுச்சீட்டில் மொத்தமாக ஒரு தொகையை எழுதித் தருகிறார். அதிலிருந்து வரியை எப்படிப் பிரிப்பது?

கணக்குப்பிள்ளை: வைகைக்கரை அவர்களே, ஜிஎஸ்டி பதிவில்லாதவரும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. எனவே வரிக் கட்டத்தில் சுழியம் போடுங்கள். 18 சதவீதம் என்று நீங்களாகக் கழிக்க வேண்டாம்.

சாலைப்பயணி அவர்களே, பில்லின் அடியில் வரிச் சுருக்கப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் எத்தனை வரிசைகள், ஒவ்வொன்றிலும் என்ன தொகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சாலைப்பயணி: மன்னிக்கவும். ஜூலை 2025 தேதியிட்ட வரி பில். என்ஜின் ஆயில் 1,770, முன் பிரேக் பேட் 2,560. பெட்டியில் 2,760க்கு சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம். 2,000க்கு 14, 14 சதவீதம். கூலிக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

கணக்குப்பிள்ளை: விடை அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. மணவாளன் சொன்னதில் பாதி சரி: உதிரிபாகத் தொகை வரி சேர்ந்ததுதான். ஆனால் உங்கள் பில்லில் விகிதம் இரண்டு. ஆயில் 18 சதவீதம் என்பதால் 1,770க்குள் இருக்கும் அடிப்படை விலை 1,500. பிரேக் பேட் அந்தத் தேதியில் 28 சதவீதம் என்பதால் 2,560க்குள் 2,000. ஆக உதிரிபாகம் 3,500. இனி 18 சதவீத வரிசையில் உள்ள 2,760இல் ஆயிலின் 1,500ஐக் கழித்தால் மிஞ்சுவது 1,260. அதுதான் 140 ரூபாய் தள்ளுபடி போன கூலி. நீங்கள் தள்ளுபடிக்கு முந்தைய கூலியை எடுத்ததோடு, உதிரிபாகத்துக்குள் ஏற்கெனவே இருந்த 830 ரூபாய் வரியை இன்னொரு முறையும் சேர்த்துவிட்டீர்கள்.

3,500, 1,260, 1,056.80 மூன்றும் சேர்ந்து 5,816.80. மீதி 20 காசு ரவுண்ட் ஆஃப். தொகை C நிரலிலும் வரி விகிதம் D நிரலிலும் இருந்தால், வரி சேர்ந்த ஒவ்வொரு பொருளுக்கும் இதைப் போடலாம்:

```
=ROUND(C2*100/(100+D2),2)
```

கூலிக்கு இதைப் போடாதீர்கள். உங்கள் பில்லில் கூலி வரிக்கு முந்தைய தொகையாகவே இருக்கிறது.

மணவாளன்: சர்வீஸ் என்றால் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்றல்லவா நினைத்திருந்தேன்?

நாலாம்கியர்: பொருளையும் கூலியையும் தனித்தனியாகக் காட்டினால் அததற்கு உரிய விகிதம் என்று 2018 ஜூனிலேயே சுற்றறிக்கை (47/21/2018) வந்துவிட்டது. இருக்கட்டும், சொந்தக் காருக்கு வரியை எதற்குத் தனியாக எழுத வேண்டும்? உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ள சாதாரணக் காருக்கே பழுதுபார்ப்பு வரியைப் பெரும்பாலும் எடுக்க முடியாது. பையிலிருந்து போனது 5,817, அதை எழுதினால் போதாதா?

கணக்குப்பிள்ளை: செலவுக் கணக்குக்கு அது போதும், விலையை ஒப்பிடப் போதாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகத்துக்கான 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. அதே பேடை அதே 2,000 ரூபாய் அடிப்படை விலைக்கு இப்போது போட்டால் பில்லில் 2,360 என்று வரும். வரியைப் பிரிக்காமல் எழுதியவர், கடைக்காரர் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார் என்று நினைப்பார்.

நாலாம்கியர்: பேடை மாற்றுவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை; அதற்கு ஒப்பீடு வேறா?

மணவாளன்: ஆயில் வருடாவருடம் மாற்றுகிறோமே? அதற்கு ஒப்பீடு உதவும்.

நாலாம்கியர்: ஆயிலுக்கு அன்றும் 18, இன்றும் 18. அதில் ஒப்பிட என்ன இருக்கிறது?

வைகைக்கரை: அந்த 20 காசு எந்தக் கட்டத்துக்குப் போகும்?

சாலைப்பயணி: ஒத்துவந்துவிட்டது, நன்றி. 20 காசைக் கூலியோடு சேர்த்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை: கூலியோடு வேண்டாம், தனி நிரலில் வையுங்கள்.