நம்ம யூனிட்டுக்கே பெட்டி விற்றால் என்ன விலை? கப்பலூரில் நான் பார்த்தது

கப்பலூர்க் கணக்கர்

ஆறு வருடம் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். அவர்களுக்கு இரண்டு யூனிட். கப்பலூரில் அட்டைப்பெட்டி போடுவது ஒன்று, திருமங்கலம் பக்கம் மசாலாப்பொடி அரைத்து பாக்கெட் போடுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி மேனேஜர், தனி லாபக் கணக்கு. வருடக் கடைசியில் அந்தந்த யூனிட் லாபத்தைப் பார்த்துத்தான் மேனேஜருக்கு கமிஷன்.

மசாலா யூனிட்டுக்கு மாதம் 12,000 பெட்டி வேண்டும். பெட்டி யூனிட் மாதம் 60,000 பெட்டி போட முடியும். வெளியே போனது 45,000 பெட்டி, விலை 40 ரூபாய். ஒரு பெட்டிக்கு கிராஃப்ட் பேப்பர், கோந்து, மை, பின், பீஸ் கூலி எல்லாம் சேர்த்து 26 ரூபாய். வெளி ஆளுக்கு அனுப்பினால் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி என்று இன்னும் 2 ரூபாய். வாடகை, மாதச் சம்பளம், மிஷின் கடன் வட்டி எல்லாம் மாதம் 4,20,000. பெட்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போகும்.

பெட்டி மேனேஜர் அந்த 4,20,000ஐ 60,000ஆல் வகுத்து பெட்டிக்கு 7 ரூபாய் ஏற்றினார். 33 ஆயிற்று. அதற்கு மேல் 2 ரூபாயாவது நிற்க வேண்டும், 35க்குக் கீழே தரமாட்டேன் என்றார். மசாலா மேனேஜர் விருதுநகர் ரோட்டில் விசாரித்து 34க்கு ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். மூன்று மாதம் வெளியிலிருந்துதான் பெட்டி வந்தது.

எனக்கு இது உறைத்தது ஒரு சாயங்காலம். ரீல் ஸ்டாக் எடுக்க கப்பலூர் போயிருந்தேன். மணி நாலுதான் இருக்கும், காருகேஷன் மிஷின் ஆஃப். ஆட்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த ஃபைலில் அன்றைக்கு வந்த பில்: 4,000 பெட்டி, தலா 34 ரூபாய், வெளி ஆள் பேரில். நம் மிஷின் சும்மா நிற்கிறது, 26 ரூபாயில் நாமே போடக்கூடிய பெட்டிக்கு 34 கொடுக்கிறோம். பெட்டிக்கு 8 ரூபாய், மாதம் 96,000. மூன்று மாதத்தில் 2,88,000 வெளியே போயிருந்தது. இந்தத் தொகை எந்த யூனிட் கணக்கிலும் நஷ்டம் என்று எழுதப்படவில்லை. மசாலா யூனிட் கணக்கில் பெட்டிக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றுதான் இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். 26க்கு மேல் எது வந்தாலும் பெட்டி யூனிட்டுக்கு லாபம், 34க்குக் கீழே எதுவானாலும் மசாலா யூனிட்டுக்கு லாபம். நடுவில் எந்த விலை வைத்தாலும் குடும்பத்துக்கு அதே 96,000தான். உள்ளே யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறும். 30 என்று முடிவானது.

பிறகு ஆவணி வந்தது. சிவகாசிக்காரர்களுக்குத் தீபாவளி லோடு ஏற்றும் காலம். வெளி ஆர்டரே 60,000 வந்துவிட்டது, மிஷின் இரண்டு ஷிஃப்டும் ஓடியது. மசாலா மேனேஜர் வழக்கம்போல் 12,000 பெட்டி, 30 ரூபாய் என்று இண்டென்ட் அனுப்பினார். பெட்டி மேனேஜர் முடியாது என்றார். சொன்ன விலை சொன்ன விலைதான் என்று முதலாளி தீர்ப்புச் சொல்ல, வெளி ஆர்டரில் 12,000 பெட்டியைக் குறைத்தார்கள். இதில் எவ்வளவு போயிற்று என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். அது சரிதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் இப்படி நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

விளாங்குடி வியாபாரி

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எப்போதும் மார்க்கெட் விலை என்று வைத்துவிட்டால் தகராறே இல்லை. 40க்கு விற்கிற பொருள் அண்ணனுக்கும் 40, அயலானுக்கும் 40. நான் என் கடைக்கும் தம்பி கடைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சீசனில் உங்கள் பெட்டி மேனேஜர் முடியாது என்று சொன்னதுதான் நியாயம்.

ஓய்வுபெற்ற காஸ்ட் ஆபீசர்

வியாபாரி அண்ணன் சொன்னது சீசனுக்குக் கிட்டத்தட்ட சரி. அப்போது உள்ளே ஒரு பெட்டி கொடுத்தால் வெளியே ஒரு பெட்டி போகாது. வெளியே போயிருந்தால் 40க்கு விற்று 28 செலவு போக 12 நின்றிருக்கும். அந்த 12ஐ இழந்துதான் 26 ரூபாய் செலவில் உள்ளே கொடுக்கிறீர்கள். ஆக 38. மார்க்கெட் விலை 40இலிருந்து வண்டி வாடகை 2 மிச்சமாவதைக் கழித்தாலும் அதே 38தான் வரும்.

ஆனால் மிஷின் சும்மா நிற்கும் மாதத்தில் 40 என்று சொன்னால் மசாலாக்காரர் 34க்கு வெளியேதான் போவார். கணக்கர் தம்பி பார்த்த நஷ்டம் அப்படியே திரும்ப வரும். சும்மா நிற்கும்போது இழப்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் அடிவிலை 26. ஃபுல்லாக ஓடும்போது 12 இழக்கிறோம், அதனால் 38. பெட்டி அதே பெட்டிதான், செலவும் அதே செலவுதான். கைவிட்டுப் போகும் வியாபாரம்தான் மாறுகிறது. 7 ரூபாய் ஓவர்ஹெட்டுக்கு இரண்டு கணக்கிலும் இடமில்லை. அந்த 4,20,000 இந்த 12,000 பெட்டியால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தம்பி, ஆவணியில் உங்களுக்குப் போனது பெட்டிக்கு 4 ரூபாய். வெளியே 34க்கு வாங்கியிருக்க வேண்டியதை, கணக்கில் 30 என்று எழுதினாலும், குடும்பத்துக்கு 38 ரூபாய் ஆகும்படி உள்ளே எடுத்தீர்கள். 12,000 பெட்டிக்கு 48,000. நீங்கள் போட்ட கணக்கும் இதுதானா?

கப்பலூர்க் கணக்கர்

அதேதான் சார், 48,000. முதலாளியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்ம பெட்டி இருக்க அயலானிடம் எதற்கு வாங்க வேண்டும் என்றார். சித்திரையில் நான் அதையேதான் சொன்னேன், அதனால் எனக்கு விளக்குவது கஷ்டமாகிவிட்டது.

சிம்மக்கல் அக்கவுண்ட்ஸ்

எங்களுக்கும் மதுரையிலும் கொச்சியிலும் பிராஞ்ச் இருக்கிறது. மதுரையிலிருந்து சரக்கு அனுப்பும்போது எந்த விலைக்கு இன்வாய்ஸ் போட வேண்டும், டிரான்ஸ்ஃபர் பிரைசிங் ரிப்போர்ட் தனியாகக் கொடுக்க வேண்டுமா? ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், முதலாளி ஒன்று சொல்கிறார்.

ஓய்வுபெற்ற காஸ்ட் ஆபீசர்

அது வேறு விஷயம் மேடம். கேரளாவுக்குப் போனால் ஜிஎஸ்டி எண் வேறு. ஒரே கம்பெனியானாலும் வரி போட்டு இன்வாய்ஸ் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் ஆடிட்டரையே கேளுங்கள். இங்கே பேசுவது ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருக்கும் இரண்டு யூனிட், உள்கணக்கு மட்டும்.

நூல் மில் பொறுப்பாளர்

என் அனுபவம் வேறு மாதிரி. டி.கல்லுப்பட்டி தாண்டி ஒரு நூல் மில்லில் இருந்தேன், எங்களுக்கே தறி யூனிட்டும் உண்டு. மில் ஃபுல்லாக ஓடிய சமயம் 40ஆம் நம்பர் நூல் கிலோவுக்கு 30 ரூபாய் நின்றது. தறி யூனிட் 80ஆம் நம்பர் கேட்டது. கணக்குப் பிரிவில் 80ஆம் நம்பரின் பஞ்சு, கரண்டு செலவோடு, இழக்கும் லாபம் என்று கிலோவுக்கு 30 சேர்த்து விலை போட்டார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் 80ஆம் நம்பர் மெல்லிய நூல், ரிங் ஃபிரேமில் மெதுவாகத்தான் இறங்கும். எங்கள் ஃபிரேமில் அது ஒரு கிலோ இறங்கும் நேரத்தில் 40ஆம் நம்பர் இரண்டரை கிலோ இறக்கிவிடலாம். அப்படியென்றால் இழந்தது 30 அல்ல, 75. கிலோவுக்குக் கிலோ பார்த்தது தப்பு, ஃபிரேம் நேரத்துக்கு நேரம் பார்த்திருக்க வேண்டும். தறி யூனிட் மலிவு என்று நினைத்து வாங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் 40ஆம் நம்பர் ஆர்டர்கள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன.

கணக்கர் சார், உங்கள் மசாலாப் பெட்டியும் சிவகாசிப் பெட்டியும் ஒரே அளவா? ஒன்றுக்கு மூன்று கலர் பிரிண்ட், இன்னொன்றுக்கு ஒரே கலர் என்றால் எந்த மிஷின் நெரிசலாக இருக்கிறதோ அதில் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள்.

கப்பலூர்க் கணக்கர்

அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான் அக்கா, பிரிண்டும் ஒரே கலர். அதனால் தப்பித்தோம். ஆனால் நீங்கள் சொன்னது என் மண்டையில் ஏறியிருந்தால் ஸ்டிச்சிங்கையும் தனியாகப் பார்த்திருப்பேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆடியில் மிஷின் முழுதாக நிறையவில்லை. வெளி ஆர்டர் 53,000, மிச்சம் 7,000 பெட்டிக்குத்தான் இடம். மசாலாவுக்கு 12,000 வேண்டும். அதற்கு என்ன விலை சொல்வது?

ஓய்வுபெற்ற காஸ்ட் ஆபீசர்

பிரித்துப் பாருங்கள் தம்பி. முதல் 7,000 பெட்டிக்கு அடிவிலை 26, மீதி 5,000க்கு 38. வெளி ஆள் 5,000 மட்டும் தனியாகத் தருவான் என்றால் 7,000ஐ உள்ளே எடுத்துக்கொண்டு 5,000ஐ அவனிடம் 34க்கு வாங்குங்கள். எடுத்தால் மொத்தமாக 12,000, இல்லாவிட்டால் ஒன்றுகூட இல்லை என்று அவன் நின்றால் சராசரி பாருங்கள். 7,000க்கு 1,82,000, 5,000க்கு 1,90,000, மொத்தம் 3,72,000. பெட்டிக்கு 31 விழுகிறது. 34ஐ விடக் குறைவுதானே, முழுவதையும் உள்ளேயே போடலாம். சிவகாசி ஆளுக்கு 5,000 குறைப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

விளாங்குடி வியாபாரி

சார், கணக்கு அதைச் சொல்லலாம். ஆனால் வருடா வருடம் வாங்குகிற சிவகாசி பார்ட்டியிடம் ஒரு தடவை இல்லை என்று சொன்னால் அடுத்த வருடம் அவன் வருவானா? அந்த 12 ரூபாயோடு அது முடிந்துவிடாது.

ஓய்வுபெற்ற காஸ்ட் ஆபீசர்

அது நியாயமான கேள்வி அண்ணே. பழைய பார்ட்டி போய்விடுவான் என்று பயம் இருந்தால் இழப்பு 12க்கு மேல். எவ்வளவு மேல் என்று என்னால் நம்பர் போட்டுச் சொல்ல முடியாது. பார்ட்டியைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

நூல் மில் பொறுப்பாளர்

எனக்கு வேறு ஒரு சந்தேகம். மிஷின் ஃபுல் என்று யார் சொல்வது? பெட்டி மேனேஜர்தானே. ஃபுல் என்று சொன்னால் 38, இல்லை என்றால் 30. கமிஷன் வாங்குகிறவர் எதைச் சொல்வார்?

கப்பலூர்க் கணக்கர்

நடந்ததே அதுதான் அக்கா. கார்த்திகையிலும் ஃபுல் என்றுதான் எழுதி அனுப்பினார். தீபாவளி முடிந்து சிவகாசி லோடெல்லாம் போய்விட்ட பிறகு எப்படி ஃபுல் என்று ஷிஃப்ட் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஷிஃப்டில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் அந்த வாரம் ரீல் இறங்கிய கணக்கு ஒரு ஷிஃப்டுக்கே சரியாக இருந்தது. கரண்டு யூனிட்டும் புரட்டாசியில் ஓடியதில் பாதிதான். ரீல் கணக்கும் மீட்டரும் ஒன்று சொல்ல, ரிஜிஸ்டர் வேறு சொன்னது.

அதற்குப் பிறகு வெளி ஆர்டர் புத்தகத்தில் டெலிவரி தேதியோடு பாக்கி நிற்கும் ஆர்டரை மாதம் 25ஆம் தேதி நானே எண்ணி, அடுத்த மாதம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து அந்த மாதத்துக்கு மட்டும் விலை. ஆனால் மேனேஜர் கமிஷனை அப்படியே யூனிட் லாபத்தில்தான் விட்டார்கள். சும்மா நிற்கும் மாதத்தில் 26க்கும் 34க்கும் நடுவில் 30 ஏன், 28 ஏன் இல்லை என்று இரண்டு மேனேஜரும் ஒவ்வொரு மாதமும் என் டேபிளுக்கு வந்து நிற்பார்கள். நான் அங்கிருந்து கிளம்பும் வரை அது தீரவில்லை. வேறு இடத்தில் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.