முட்டிக்குக் கீழே புடைப்பு, ஆட்டத்தை நிறுத்தணுமா?

வியாசர்பாடி அப்பா
பையனுக்கு 13 வயது, ஃபுட்பாலில் விங்கில் ஆடுகிறான். இந்த வருஷம் மளமளவென்று உயர்ந்துவிட்டான். போன மேட்ச்சில் மண்டி போட்டு விழுந்தவன் எழவே இல்லை. முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது, விரல் பட்டாலே கத்துகிறான். காட்டிய இடத்தில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூன்று மாதம் கிரவுண்ட் பக்கமே போகாதே என்றார்கள். பந்தைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினான் பாருங்கள், அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ராயபுரம் மணி
வளர்த்தி வலிதான். எலும்பு முந்திக்கொள்கிறது, தசை ஈடு கொடுக்காமல் இழுக்கிறது. கால்சியம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, தொடையை நன்றாக மடக்கி ஸ்ட்ரெச் பண்ணச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை பிசியோ
மணி அண்ணா, இழுப்பு என்பது சரி, மற்றது இல்லை. தொடையின் முன்தசை, முட்டிச்சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடம் இந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். ஒவ்வொரு ஷாட்டிலும் தாவலிலும் அதுதான் இழுபடும். வலிக்கும்போது முரட்டுத்தனமாக மடக்கினாலும் அதே இடம்தான் இழுபடும். கால்சியம் இதற்கு மருந்தில்லை.

என்னிடம் வந்த ஒரு பையன் ஸ்கூல் டீம், ஏரியா டீம் இரண்டிலும் ஆடி வாரம் முழுக்க ஓடினான். அதை மூன்று நாளாக்கினோம். தாவல், ஸ்பிரின்ட், தூர ஷாட் வேண்டாம், பாஸிங் ஓகே. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் இருந்து, மறுநாள் காலை படி இறங்கும்போது கூடாமல் இருந்தால் அதே அளவு தொடரும். கூடினால் குறைப்போம். கூடவே சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் 30 நொடி நிற்கவைத்தோம். தாவலைக் கடைசியாகத்தான் சேர்த்தோம். வலி போன பிறகும் புடைப்பு நிற்கலாம், அதற்குப் பயப்படாதீர்கள்.

காசிமேடு அம்மா
எங்கள் பொண்ணுக்குக் குதிகால். 11 வயது. ரிலே முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நுனிக்காலில் நடந்து வந்தாள்! டாக்டர் குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தியதும் அழுதுவிட்டாள். ஷூவுக்குள் குதிகால் உயர்த்தும் பேட் வைத்து, ஓட்டத்தைக் குறைத்ததும் தேவலை. வெறுங்காலில் சிமென்ட் தரையில் ஓடினால் இன்னும் வலிக்கிறது.

பெரம்பூர் ரவி
எனக்கு வயது 46, படி ஏறினால் முட்டி கடகடவென்கிறது. அந்தச் சுவர்ப் பயிற்சி செய்யலாமா?

ராயபுரம் மணி
ரவி சார், இங்கே பேசுவது பசங்க கால். பிசியோ தம்பி, நாங்கள் புழுதியில் ஆடி வளர்ந்தவர்கள், யாரும் நாளைக் குறைக்கவில்லை.

தண்டையார்பேட்டை பிசியோ
வலியோடு ஆடி நின்றுபோனவர்களை யாரும் கணக்கு வைப்பதில்லை அண்ணா. அப்பா, ஒன்று முக்கியம். தாவும்போது டப்பென்று சத்தம் கேட்டு காலை நீட்ட முடியாமல் போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, முட்டி முழுக்க வீங்கினாலோ எலும்பு டாக்டரிடம் உடனே போங்கள். தொடையோ இடுப்போ வலித்து நொண்டினாலும் அப்படியே. இடுப்புக் கோளாறு முட்டி வலியாகத் தெரிவதுண்டு.

வியாசர்பாடி அப்பா
அதெல்லாம் இல்லை. ஆனால் அடுத்த மாதம் செலக்‌ஷன். கோச்சோ பசங்களைக் கிரவுண்டைச் சுற்றித் தவளைத் தாவல் போடவைக்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?