கலைச்சொல்: படிவத்தில் 'உணவுப் பாதுகாப்பு' இரண்டு முறை வருகிறது

கிளிநொச்சி, போசணை உத்தியோகத்தர்:

வணக்கம். எச்.ஐ.வி. உள்ள, ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றோட்டம் தொடரும் பெரியவர்களுக்கான போசணை மதிப்பீட்டுப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். ஒரு பகுதி, வீட்டில் போதிய சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பது. இன்னொரு பகுதி, தண்ணீர் கொதிக்க வைக்கிறார்களா, சமைத்ததை மூடி வைக்கிறார்களா என்று கேட்பது. இரண்டுக்கும் 'உணவுப் பாதுகாப்பு' என்ற தலைப்பே புழக்கத்தில் இருக்கிறது. பழைய படிவத்தில் முதல் பகுதிக்கு எதிரே "ஓம், பானையை மூடி வைக்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வீட்டில் அரிசி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. முதல் பகுதிக்குப் பொருத்தமான சொல் என்ன?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இந்தக் குழப்பம் கடல் கடந்தும் இருக்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கலப்படத்தையும் தரத்தையும் பற்றியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலிவு விலையில் தானியம் கொடுக்க வந்தது. தமிழில் இரண்டுமே 'உணவுப் பாதுகாப்பு'தான். என் முன்மொழிவு: போதிய உணவு கிடைப்பதற்கு 'உணவுறுதி', கிருமி அண்டாமல் காப்பதற்கு 'உணவுக் காப்பு'.

முல்லைத்தீவு, மருந்தாளர்:

சொல் நல்லது, ஐயா. ஆனால் இந்த நோயாளிகளுக்கு அந்தப் பகுதி தேவையா? வயிற்றோட்டம் என்றால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. நிறை குறைவதற்கு அதுவே காரணம். எல்லாவற்றையும் 'அகத்துறிஞ்சல் குறைபாடு' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடலாம்.

புதுக்குடியிருப்பு, வாசகர்:

எங்கள் மாமிக்கும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. பால்மாவை நிற்பாட்டினதும் சரியாகிவிட்டது. ஆகவே பால்மாப் பைக்கற்றைத் திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் உணவுப் பாதுகாப்புப் பகுதியில் சேருங்கள்.

வவுனியா, மருத்துவர்:

புதுக்குடியிருப்பு நண்பருக்கு: மாமியின் கதை பைக்கற் திறந்த நாளைப் பற்றியதாக இருக்க வாய்ப்பில்லை. சிறுகுடல் உட்சுவர் பழுதானால் பாற்சர்க்கரை செரிக்காது. பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு ஊதி, இரைந்து, தண்ணீராகப் போகும். அது உறிஞ்சல் பகுதிக்கு உரிய தகவல். அந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் சேர்க்கலாம்.

மருந்தாளர் தம்பி பாதி சரி. மிச்சப் பாதியைக் காட்ட ஒரு மாதிரி நோயாளியை எடுக்கிறேன். வயது 46, உயரம் 168 சென்ரிமீற்றர், இப்போது 49 கிலோ. ஏழு வாரமாக வயிற்றோட்டம். முன்பு 65 கிலோ இருந்ததாகச் சொல்கிறார். கிளினிக் கார்டில் நான்கு மாதத்துக்கு முன் 58 என்று இருக்கிறது. நினைவை நம்பினால் இழப்பு 25 வீதம், கார்டை நம்பினால் 15.5 வீதம். கார்டைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் 65 எப்போது இருந்தது என்று அவருக்கே தெரியாது. உடற்திணிவுச் சுட்டி 17.4. கணுக்காலை அழுத்திப் பார்த்துக் குழி விழுந்தால் அந்த 49இலும் நீர் கலந்திருக்கிறது, உண்மை நிறை இன்னும் குறைவு. அப்போது மேற்கைச் சுற்றளவு கூடுதல் நம்பிக்கையானது.

நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று விடியல் முதல் கேட்டால்: ஒரு தேங்காய்ப்பூ ரொட்டி, சீனி போட்ட பிளேன்ரீ, மத்தியானம் ஒன்றரைக் கோப்பைச் சோறும் ஒரு துண்டு மீனும் கொஞ்சம் சொதியும். இரவு ஒன்றுமில்லை. எப்படிக் கூட்டினாலும் ஆயிரம் கிலோகலோரியைப் பெரிதாகத் தாண்டாது. எச்.ஐ.வி. நோய்க்குறி உள்ள வளர்ந்தவருக்கு வழமையான தேவையைவிட 20 முதல் 30 வீதம் கூட வேண்டும், அதாவது இவருக்கு 2,400க்கு அருகில். உறிஞ்சல் பழுதே இல்லாவிட்டாலும் இவர் மெலிந்துதான் இருப்பார்.

அதற்காக உறிஞ்சலை விட்டுவிடவும் முடியாது. மலம் எத்தனை தரம் என்பதோடு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். நிறையப் போய், எண்ணெய்ப் படலமாக மிதந்து, வாளி ஊற்றியும் போகாமல் ஒட்டினால் சிறுகுடல் பக்கம், கொழுப்பு உறிஞ்சப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, சளியும் இரத்தமும் முக்கலுமாகப் போனால் பெருங்குடல் பக்கம். மலப் பரிசோதனைக்கு அனுப்பும்போது கிரிப்டோஸ்போரிடியம் பார்க்கச் சொல்லித் தனியாக எழுத வேண்டும். அதற்கு வேறு சாயம் தேவை. வழமையான சோதனையில் அது தெரியாமல் போய், தாளில் 'ஒட்டுண்ணி இல்லை' என்று வரும்.

கிளிநொச்சி, போசணை உத்தியோகத்தர்:

நன்றி, டொக்டர். அந்த நோயாளி ஏன் இரவில் சாப்பிடவில்லை என்பதுதான் என் தலைப்பின் சிக்கல். இருட்டில் வளவின் கோடியிலுள்ள கக்கூசுக்குப் போகப் பயந்து சாப்பிடாமல் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உறிஞ்சலும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை.

குடும்பப் பட்டினி அளவுகோலில் கடந்த நான்கு வாரத்தைப் பற்றி மூன்றே கேள்விகள். வீட்டில் சாப்பிட எதுவுமே இல்லாமல் போனதா? போதிய சாப்பாடு இல்லாததால் பசியோடு படுத்ததுண்டா? போதிய சாப்பாடு இல்லாததால் ஒரு பகலும் இரவும் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டா? பத்துத் தரம் வரை என்றால் 1 புள்ளி, அதற்கு மேல் 2. மொத்தம் 0–1 என்றால் பட்டினி இல்லை அல்லது மிகக் குறைவு, 2–3 நடுத்தரம், 4–6 கடுமை.

டொக்டரின் ஆள் வீட்டில் நான்கு நாள் ஒன்றுமே இருக்கவில்லை என்று சொன்னால் 1. 'பசியோடு படுத்தீர்களா' என்று மட்டும் கேட்டால் 'ஒவ்வொரு நாளும்' என்பார், அது 2. மூன்றாவதற்கு இல்லை. மொத்தம் 3, நிவாரண அரிசிக்குக் கடிதம் போகும். 'போதிய சாப்பாடு இல்லாததால்' என்பதை விடாமல் கேட்டால் இரண்டாவது 0, மொத்தம் 1. அவருக்கு முதலில் வேண்டியது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியும் ரோச்சும், மாலை ஐந்து மணிக்கே ஒரு சாப்பாடும்.

முல்லைத்தீவு, மருந்தாளர்:

ஒத்துக்கொள்கிறேன், அக்கா. ஆனால் அந்தக் கேள்விகள் குடும்பத்துக்கானவை அல்லவா? மனுசி தன் பங்கை அவருக்கு வைத்துவிட்டு இரண்டு இரவு பசியோடு படுத்திருந்தால் இரண்டாவதற்கு 1 வரும். மொத்தம் 2, திரும்பவும் நடுத்தரம்.

கிளிநொச்சி, போசணை உத்தியோகத்தர்:

சரி, 'நீங்களோ வீட்டில் வேறு யாரேனுமோ' என்று கேள்வியில் வருவது அதற்காகவே. அவருக்கு மனுசியின் பசி தெரியாமல் இருக்கலாம். மனுசியிடம் கேட்கலாம், அந்த மூன்று கேள்வியில் நோயின் பெயர் வராது. ஆனால் எந்த கிளினிக்கிலிருந்து வந்தோம் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். அவர் வீட்டில் சொல்லியிருக்கிறாரா என்று முதலில் அவரிடமே கேட்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. இன்னொன்று, எந்த மாதம் கேட்டோம் என்பதையும் எழுத வேண்டும். பெரும்போகம் வெட்டின மாசியில் கேட்டால் ஒரு பதில், விதைத்துவிட்டுக் காத்திருக்கும் கார்த்திகையில் வேறு பதில்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் 'உணவுறுதி' தலைப்பாக நிற்கட்டும், கீழே கேள்வி பேச்சுத் தமிழில் வரட்டும். 'அகத்துறிஞ்சல் குறைபாடு' எனக்கு நீளம். 'உறிஞ்சற்குறை' என்றால் என்ன?

வவுனியா, மருத்துவர்:

'உணவுறுதி'க்கு என் வாக்கு உண்டு. 'உறிஞ்சற்குறை' பற்றித் தயங்குகிறேன். பாடப்புத்தகத்தில் 'அகத்துறிஞ்சல்' படித்துவிட்டு வரும் தாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் கைவரும். நோயாளியிடம் 'சாப்பிட்டது ஒட்டுதில்லையோ' என்று கேட்பதே போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு மெலிந்தவர் எல்லோரும் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்தப் பெட்டியை அவர் பதிலை வைத்து நிரப்பாமல், மலத்தின் அளவு, எண்ணெய்ப் படலம், பால் குடித்தபின் நடப்பது ஆகிய மூன்றையும் வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, வாசகர்:

அப்போ பால்மா சேருதா இல்லையா?