சூப்பர் ஓவரும் சமனானால் கப் யாருக்கு?

பொகவந்தலாவைப் பையன்: ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சாப்ட்போல் இறுதிப் போட்டி. இரண்டு டீமும் 52. சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 9. அப்புறம் பவுண்டரியை எண்ணி எதிர் டீமுக்குக் கப்பைக் கொடுத்துவிட்டார்கள். இது சரியா?

பதுளை அண்ணன்: அந்த விதி இப்போது இல்லை தம்பி. 2019 லோர்ட்ஸ் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் 241க்கு 241, சூப்பர் ஓவரில் 15க்கு 15, கடைசியில் 26 பவுண்டரிக்கு 17 என்று எண்ணி இங்கிலாந்து ஜெயித்ததாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் ஐசிசி அதைத் தூக்கியது. இனி இன்னொரு சூப்பர் ஓவர்தான்.

ஹட்டன் ஓப்னர்: பவுண்டரி எண்ணுவதில் என்ன குறை? அதுவும் மைதானத்தில் அடித்ததுதானே. இன்னொரு ஓவர் என்றால் அதே போலர், அதே பேட்ஸ்மேன் வந்து அதையே திரும்ப ஆடுவார்கள்.

பதுளை அண்ணன்: அதே போலர் வர முடியாது. 2024 ஜனவரி பெங்களூரு மேட்ச் பாருங்கள், இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் 212. ஆப்கன் இரண்டாவதாக ஆடியதால் சூப்பர் ஓவரில் அவர்கள் முதலில் ஆடி 16, இந்தியாவும் 16. அடுத்த சூப்பர் ஓவரில் வரிசை மாறி இந்தியா முதலில் இறங்கி 11 எடுத்தது. முதல் சூப்பர் ஓவரைப் போட்ட முகேஷ் குமாருக்கு இனி போட முடியாது என்பதால் பிஷ்னோய் வந்தார், மூன்றே பந்தில் இரண்டு விக்கெட், ஆப்கன் 1 ஓட்டம். முதல் சூப்பர் ஓவரில் அவுட்டானவரும் அடுத்ததில் ஆட முடியாது.

ஹட்டன் ஓப்னர்: அப்போ ரோஹித்? முதல் சூப்பர் ஓவரின் கடைசிப் பந்துக்கு, வேகமாக ஓட ரிங்குவை இறக்கிவிட்டு வெளியே போனவர், இரண்டாவதிலும் வந்து சிக்ஸ் அடித்தாரே. அது ரிட்டயர்ட் அவுட் என்றால் ஆடவே கூடாது.

பதுளை அண்ணன்: அது இன்னும் சண்டைதான். எனக்கும் அவுட் என்றே படுகிறது.

கண்டி மச்சான்: இரண்டாவது சூப்பர் ஓவரா? 2024 ஜூலையில் பல்லேகலையில் நம்ம பயல்கள் முதல் சூப்பர் ஓவரிலேயே 2 ஓட்டம். வோஷிங்டன் சுந்தரின் மூன்று பந்தில் குசல் பெரேராவும் நிஸ்ஸங்கவும் போய்விட்டார்கள், இந்தியாவுக்கு முதல் பந்தே ஃபோர். நான் புல்தரையில் உட்கார்ந்து வாங்கின வடையைக் கூட முடிக்கவில்லை.

பதுளை அண்ணன்: மச்சான், தம்பி கேட்டது அதுவல்ல.

பொகவந்தலாவைப் பையன்: அண்ணே, இரண்டாவது ஓவர் போடலாம் என்றுதான் நாங்களும் கேட்டோம். ஐந்தரைக்கு மிஸ்ட் இறங்கி, தேயிலைப் பக்கத்து எல்லைக் கொடி தெரியவில்லை. அம்பயருக்குப் பந்தே தெரியவில்லை.

பதுளை அண்ணன்: வெளிச்சம் இல்லாமல் முடிக்க முடியாவிட்டால் மேட்ச் சமன், அவ்வளவுதான். பவுண்டரியை எண்ண இடமே இல்லை.

ஹட்டன் ஓப்னர்: சமன் என்றால் கப்பை வெட்டிக் கொடுப்பதா? போட்டி தொடங்குமுன் பேப்பரில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். அதில் பவுண்டரி என்று இருந்தால், ஐசிசி என்ன சொன்னாலும் இரண்டு கேப்டனும் ஒப்புக்கொண்டது அதுதான்.

பொகவந்தலாவைப் பையன்: பேப்பரில் சூப்பர் ஓவர் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.